விளம்பர ஸ்ப்ளிட் டெஸ்ட்டில் எது ஜெயித்தது? பேய்சியன் முறையில் பதில் சொல்வது பற்றிச் சில கேள்விகள்

வீடியோ விளம்பரத்துக்கு 42 ஆர்டர், பட விளம்பரத்துக்கு 30 ஆர்டர். வீடியோதான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாமா?

சொல்லலாம். ஆனால் எவ்வளவு உறுதியாக என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை க்ளிக்குக்கு இந்த ஆர்டர்கள் வந்தன என்று தெரியாமல் அந்த உறுதியைக் கணக்கிட முடியாது.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இணையத்தில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடை. ஒரு விளம்பரத்தில் மடித்து வைத்த சேலையின் படம். இன்னொன்றில் ஒரு பெண் அதைக் கொசுவம் வைத்துக் கட்டும் சின்ன வீடியோ. எது அதிகம் விற்கிறது என்று பார்க்க இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டினார்கள், இதுதான் ஸ்ப்ளிட் டெஸ்ட். இரண்டுக்கும் தலா 1,200 க்ளிக் வந்தன. படத்தின் வழியே வந்தவர்களில் 30 பேர் வாங்கினார்கள், அதாவது 2.5 சதவீதம். வீடியோ வழியே வந்தவர்களில் 42 பேர், 3.5 சதவீதம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான் இவை. சிறு கடைகளின் டெஸ்ட் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

இந்தத் தரவை மட்டும் பார்த்தால், வாங்கும் விகிதத்தில் வீடியோ உண்மையிலேயே படத்தை மிஞ்சுவதற்கு 92 சதவீத வாய்ப்பு. மீதி 8 சதவீதம், படம்தான் மேல், இந்த முறை அதிர்ஷ்டம் வீடியோ பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்கு. பேய்சியன் முறை தருகிற பதிலின் வடிவம் இதுதான். விளம்பரம் கொடுப்பவர் மனதில் இருக்கும் கேள்விக்கு நேரான பதில் என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

அந்த 92 எங்கிருந்து வந்தது? சூத்திரம் வேண்டாம், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பட விளம்பரத்தின் உண்மையான வாங்கும் விகிதம் நமக்குத் தெரியாது. 1,200 பேரில் 30 பேர் வாங்கியதை மட்டும்தான் பார்த்தோம். உண்மை விகிதம் 2.5 ஆக இருந்தால் இப்படி நடப்பது சகஜம். 2.1 ஆகவோ 3.1 ஆகவோ இருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம். 5 ஆக இருந்தால் 30 ஆர்டரோடு நின்றிருக்கவே மாட்டாது. இப்படி ஒவ்வொரு விகிதத்துக்கும் "இது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு" என்று ஒரு எடை கொடுத்துக்கொண்டே போனால் ஒரு மேடு கிடைக்கும். 2.5-க்குப் பக்கத்தில் உயரமாகவும் இரண்டு பக்கமும் சரிந்தும் இருக்கும். வீடியோவுக்கும் இதே போல் ஒரு மேடு, 3.5-க்குப் பக்கத்தில். இந்த மேட்டுக்குப் பீட்டா பரவல் என்று பெயர். இரண்டு மேடுகளும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கிடக்கும்.

இனி கணினியிடம், ஒவ்வொரு மேட்டிலிருந்தும் குருட்டாம்போக்கில் ஒரு எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். உயரமான இடத்திலிருந்து அடிக்கடி வரும், சரிவிலிருந்து எப்போதாவது வரும். இரண்டு எண்களையும் ஒப்பிட்டு எது பெரிது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதை இரண்டு லட்சம் தடவை செய்தால், சுமார் 1,84,000 தடவை வீடியோவின் எண் பெரிதாக இருக்கும். அதுதான் 92.

இது விளம்பரத்துக்காகப் பிறந்த கணக்கு இல்லை. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்பதைக் குறைந்த நோயாளிகளை வைத்து எப்படி முடிவு செய்வது என்ற சிக்கலை எடுத்துக்கொண்டு, வில்லியம் தாம்சன் 1933-இல் பயோமெட்ரிகா இதழில் இதே கேள்விக்கு விடை எழுதினார். தெரியாத ஒரு விகிதம் இன்னொன்றை மிஞ்சும் வாய்ப்பு என்ன என்பதுதான் அவர் கட்டுரையின் பொருளே. அன்று கையால் செய்ய மிகவும் சிரமப்பட்ட கணக்கு, இன்று ஒரு நொடிகூட ஆகாது.

இதே எண்களை வேறொரு கால்குலேட்டரில் போட்டேன். "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று வந்தது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கால்குலேட்டர் கணக்கிட்டது பி-வேல்யூ. நம் எண்களுக்கு அது சுமார் 0.15 வரும். இரண்டு விளம்பரத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன இடைவெளி ஏதாவது ஒரு பக்கமாகத் தற்செயலாய் வருவதற்கு 15 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். வழக்கமான எல்லைக்கோடு 5 சதவீதம். 15 அதைத் தாண்டி நிற்பதால் "வேறுபாடு இல்லை" என்ற மாதிரி வாசகம் வருகிறது. உண்மையில் அது "வேறுபாடு இருப்பதாக அடித்துச் சொல்ல முடியவில்லை" என்றுதான் இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 15 இரண்டு பக்கத்தையும் சேர்த்த எண். வீடியோ பக்கம் மட்டும் எடுத்தால் ஏழரை. நூறிலிருந்து அதைக் கழித்தால் 92.5. நமக்கு வந்த 92-க்கு ஒட்டியே இருக்கிறது, இல்லையா? பழைய அனுபவம் எதையும் சேர்க்காமல் போடும் பேய்சியன் கணக்கு, பழைய முறையின் அதே தரவை வேறு மொழியில் படிக்கிறது, அவ்வளவுதான். "பேய்சியன் முறையில் குறைந்த தரவு போதும்" என்று சில கருவிகள் விளம்பரம் செய்வதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த முறையின் உண்மையான பலம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ப்ரையர் என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அது நம் இஷ்டத்துக்கு விடையைத் திருப்புகிற வேலை ஆகிவிடாதா?

டெஸ்ட் முடிந்து எண்களைப் பார்த்த பிறகு ப்ரையரைத் தேர்ந்தெடுத்தால் கண்டிப்பாக ஆகிவிடும். அதனால்தான் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும்.

ப்ரையர் என்பது டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே நமக்குத் தெரிந்தது. ஒரு புதுப் பையன் முதல் இரண்டு ஆட்டத்திலும் சதம் அடித்தால், அவன் சராசரி வாழ்நாள் முழுக்க நூறுக்கு மேல் இருக்கும் என்று கிரிக்கெட் பார்க்கும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம் என்பதால் அந்த இரண்டு சதத்தை மனதுக்குள் கொஞ்சம் இறக்கித்தான் எடுத்துக்கொள்கிறோம். அந்த இறக்குதலைக் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் ப்ரையரின் வேலை.

நம் சேலைக் கடை இதற்கு முன் ஓட்டிய விளம்பரங்களை எடுத்துப் பார்க்கிறோம். நன்றாக ஓடியது, ஓடாதது எல்லாம் சேர்த்து, வாங்கும் விகிதம் பெரும்பாலும் 2 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் நடுவே, சராசரியாக 3-இல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கணக்கில் எழுதும் எளிய வழி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏற்கெனவே 1,000 க்ளிக்கில் 30 ஆர்டர் வந்ததாகக் கற்பனையாய்ச் சேர்த்துக்கொள்வது. ஏன் 1,000? அந்த எண்ணுக்குத்தான் மேடு சரியாக 2-க்கும் 4-க்கும் நடுவே விரிகிறது. 100 க்ளிக்கில் 3 ஆர்டர் என்று போட்டால் மேடு மிக அகலமாகிவிடும். 10,000 என்று போட்டால் மிக ஒடுங்கி, டெஸ்ட்டில் என்ன வந்தாலும் விடை அசையாது. ஆக, அந்த எண்ணை முடிவு செய்வது நம் ஆசை இல்லை, பழைய விளம்பரங்கள் எவ்வளவு சிதறிக்கிடந்தன என்பதுதான்.

இப்போது படத்துக்கு 2,200-இல் 60, வீடியோவுக்கு 2,200-இல் 72. மறுபடி ஓட்டினால் வீடியோ மேல் என்பதற்கு வாய்ப்பு 92-இலிருந்து 86-க்கு இறங்குகிறது. அதைவிட முக்கியம் இடைவெளி சுருங்குவது. முதலில் ஒரு சதவீதப் புள்ளி இருந்தது, அதாவது படத்தைவிட வீடியோ 40 சதவீதம் மேல். இப்போது அரைப் புள்ளிக்குச் சற்று மேல், 20 சதவீதம்தான். டெஸ்ட்டில் 40 சதவீதம் கூடுதல் என்று பார்த்து பட்ஜெட்டை ஏற்றிய பிறகு அடுத்த மாதம் அது பாதியாகத் தேய்ந்துபோவதைப் பல பேர் பார்த்திருப்பார்கள். "விளம்பரம் பழசாகிவிட்டது" என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த 40 தொடக்கத்திலேயே ஊதிப் பெருத்த எண்தான்.

கடையே புதுசு. பழைய கணக்கு எதுவும் இல்லை. அப்போது?

மெலிதான ப்ரையர் போடுங்கள். 100 க்ளிக்குக்கு 2 அல்லது 3 ஆர்டர் என்பது போல. இணையக் கடையில் வாங்கும் விகிதம் 50 சதவீதத்தை எட்டாது என்பது முதல் நாளே தெரியும்தானே, அந்த அளவு அறிவாவது கணக்கில் இருக்கட்டும். அடுத்தடுத்த டெஸ்ட்டுகளின் முடிவை ஒரு தாளில் சேர்த்து வந்தால், ஓராண்டில் உங்கள் கடைக்கே உரிய ப்ரையர் கிடைத்துவிடும்.

86 என்றால் வீடியோ 86 சதவீதம் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எவ்வளவு நல்லது என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. ஒரு துளி மேலாக இருந்தாலும் "மேல்" என்றே அது எண்ணிக்கொள்கிறது. பத்து லட்சம் க்ளிக் வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு 99 சதவீத வாய்ப்பு வரலாம், வித்தியாசமோ கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கலாம்.

எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வீடியோ குறைந்தது 10 சதவீதமாவது மேலாக இருக்க வாய்ப்பு என்ன? நம் எண்களுக்கு 69. வித்தியாசம் எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம்? 1,000 க்ளிக்குக்கு 5 ஆர்டர் குறைவதிலிருந்து 16 ஆர்டர் கூடுவது வரை, 95 சதவீத வாய்ப்போடு. இந்த இரண்டாவது பதில் எல்லோரையும் கொஞ்சம் அடக்கிவிடும். 86 என்று கேட்டதும் வருகிற தைரியம், "5 குறையவும் செய்யலாம்" என்று கேட்டதும் நிதானமாகிவிடும்.

95 வந்தால்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். 86 போதுமா?

95 என்பது பழக்கம்தான், சட்டம் இல்லை. மருந்தைச் சந்தைக்கு விடுவதற்கும் சேலை விளம்பரத்தை மாற்றுவதற்கும் ஒரே எல்லைக்கோடு எதற்கு? தவறாகப் போனால் எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

இரண்டு லட்சம் ஜோடி எண்களை எடுத்தோம் அல்லவா? வீடியோவைத் தேர்ந்தெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ஜோடியில் படத்தின் எண் பெரிதாக வந்ததோ, அங்கெல்லாம் நாம் இழந்தது அந்த வித்தியாசம். வீடியோ பெரிதாக இருந்த ஜோடிகளில் இழப்பு பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டி இரண்டு லட்சத்தால் வகுத்தால் எதிர்பார்க்கும் இழப்பு கிடைக்கும். மேலே சொன்ன ப்ரையரோடு கணக்கிட்டால் அது 10,000 க்ளிக்குக்குச் சுமார் 4 ஆர்டர். இதையே படத்தைத் தேர்ந்தெடுத்தால் என்று திருப்பிப் போட்டால் 10,000 க்ளிக்குக்கு 58 ஆர்டர்.

ஒரு ஆர்டரில் விளம்பரச் செலவுக்கு முன் 400 ரூபாய் நிற்கிறது என்றால், வீடியோவைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் அபாயம் 1,600 ரூபாய். படத்தோடு இருந்துவிடுவதில் இருக்கும் அபாயம் 23,200 ரூபாய். இன்னும் இரண்டு வாரம் டெஸ்ட் ஓட்டி 86-ஐ 95 ஆக்க அலைவதில் அர்த்தமில்லை, இங்கே 86 தாராளம். ஆனால் வீடியோ எடுக்க 50,000 ரூபாய் கேட்கிறார்கள், இன்னும் எடுக்கவில்லை, மாதிரி வீடியோவைத்தான் சோதித்தோம் என்றால் கதை வேறு. அங்கே அந்த 50,000 இழப்புக் கணக்குக்குள் வர வேண்டும்.

இதில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரு க்ளிக்குக்கு ஒரே செலவு என்று. அதற்குக் கீழே வருகிறேன்.

தினமும் திறந்து பார்க்கலாமா? 95 தாண்டியதும் நிறுத்திவிடலாமா?

பார்ப்பதில் குற்றமில்லை. பார்த்துவிட்டு, பிடித்த எண் வந்த நிமிடத்தில் நிறுத்துவதில்தான் சிக்கல். பேய்சியன் முறையில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் ப்ரையர் யதார்த்தமாக இருந்தால் மட்டும்.

இரண்டு பக்கமும் ஒரே விளம்பரத்தை வைத்து ஒரு டெஸ்ட் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்க யாருமே இல்லை. ஆனாலும் ப்ரையர் இல்லாத கணக்கில் வாய்ப்பு எப்போதும் 50 என்று வராது. 0-க்கும் 100-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் சமமாக விழும். இப்படி 100 டெஸ்ட் ஓட்டினால், கடைசியில் ஒரே முறை பார்த்தாலும் சுமார் 10-இல் யாரோ ஒருவர் 95-ஐத் தாண்டி நிற்பார், ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். ஒரே ஓட்டத்தில் ஐந்து முறை இடையில் பார்த்து, தாண்டியதும் நிறுத்தினால் அந்த 10 இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இன்னும் அடிக்கடி பார்த்தால் இன்னும் மோசம்.

முதல் இரண்டு நாளில் படத்துக்கு 150 க்ளிக்கில் 2 ஆர்டர், வீடியோவுக்கு 150-இல் 6 வந்தால், ப்ரையர் இல்லாத கணக்கு 90-க்கு மேல் காட்டும். மூன்று மடங்கு ஆர்டர் என்று மனம் துள்ளும். மேலே போட்ட ப்ரையரைச் சேர்த்தால் அதே தரவு 70-ஐக் கூட எட்டாது. சின்ன எண்களை நம்பி ஓடாமல் பிடித்து நிறுத்துவது இந்த ப்ரையர்தான்.

நான் பரிந்துரைப்பது, முழு வாரமாக ஓட்டுவது. குறைந்தது இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை வாங்குபவர் வேறு, செவ்வாய் மதியம் அலுவலகத்தில் இருந்து க்ளிக் செய்பவர் வேறு. சம்பளம் வந்த வாரமும் மாதக் கடைசியும் ஒன்றில்லை. அப்புறம், இழப்பு எவ்வளவுக்குக் கீழே வந்தால் நிறுத்துவது என்பதையும் ப்ரையரோடு சேர்த்து முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

க்ளிக்கால் வகுக்க வேண்டுமா, விளம்பரத்தைப் பார்த்தவர்களால் வகுக்க வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நான் பார்க்கும் அறிக்கைகளில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான், பேய்சியன் கணக்கிலேயே இல்லை.

இதுவரை நாம் கணக்கிட்டது, க்ளிக் செய்து கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது. ஆனால் யார் க்ளிக் செய்கிறார் என்பதையே விளம்பரம்தான் தீர்மானிக்கிறது. வீடியோவை முழுக்கப் பார்த்து, துணி எப்படி விழுகிறது, கரை எவ்வளவு அகலம் என்று தெரிந்துகொண்டு வருபவர் பாதி முடிவோடு வருகிறார். படத்தைப் பார்த்து "என்ன விலை" என்று எட்டிப் பார்ப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. ஆகவே இரண்டு பக்கத்து 1,200 பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை.

வாருங்கள், மறைந்திருந்த எண்ணை எடுப்போம். படம் அந்த 1,200 க்ளிக்கைப் பெற 60,000 பேருக்குக் காட்டப்பட்டது. வீடியோவுக்கு 80,000 பேர் தேவைப்பட்டார்கள். இப்போது 30-ஐ 60,000-ஆல் வகுத்தால், பார்த்த 10,000 பேரில் 5 ஆர்டர். 42-ஐ 80,000-ஆல் வகுத்தால் ஐந்தேகால். ப்ரையர் இல்லாமல் அதே பீட்டா கணக்கைப் போட்டால் வீடியோ மேல் என்பதற்கு வாய்ப்பு 57. காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் பரவாயில்லை. அதே ப்ரையர் இல்லாத கணக்கு, அதே 30, அதே 42, வகுக்கும் எண்ணை மாற்றியதும் 92 போய் 57 வந்துவிட்டது.

பணத்தில் பார்த்தாலும் இதேதான். பெரும்பாலும் விளம்பரத் தளங்கள் காட்டுவதற்குத்தான் காசு வாங்குகின்றன. 1,000 பேருக்குக் காட்ட 160 ரூபாய் என்றால் படத்துக்கு 9,600 ரூபாய், வீடியோவுக்கு 12,800 ரூபாய் செலவு. ஒரு ஆர்டருக்கான செலவு படத்தில் 320 ரூபாய், வீடியோவில் 305 ரூபாய். அந்த 15 ரூபாய் வித்தியாசம் அடுத்த வாரமே தலைகீழாகலாம். முந்தைய கேள்வியில் 1,600 ரூபாய், 23,200 ரூபாய் என்று போட்ட கணக்கு, ஒரு க்ளிக்குக்கு ஒரே தொகை கொடுக்கும் முறையில் விளம்பரம் வாங்கினால் மட்டுமே செல்லும். காட்டுவதற்குக் காசு என்றால் அதை அப்படியே தூக்கிப் போட வேண்டியதுதான்.

எதால் வகுப்பது என்பதற்கு என் பதில் எளிமையானது: எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அதால் வகுங்கள். விளம்பரங்களை விட்டுவிட்டு, கடைப் பக்கத்தின் இரண்டு வடிவங்களைச் சோதிக்கிறீர்கள், வந்தவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்புகிறீர்கள் என்றால் க்ளிக்கால் வகுப்பது முற்றிலும் சரி.

இரண்டு விளம்பரத்தையும் ஒரே தொகுப்பில் போட்டேன். தளம் ஒன்றுக்கே பணத்தைக் கொட்டிவிட்டது. இந்தக் கணக்கு செல்லுமா?

செல்லாது. ஒரே தொகுப்பில் போட்டால், எது நன்றாகப் போகும் என்று தளமே முதல் சில மணி நேரத்தில் ஊகித்து அதற்கு அதிகம் தள்ளும். யாருக்கு எதைக் காட்டுவது என்பதையும் அதுவே தேர்ந்தெடுக்கும். வீடியோ, வீடியோ பார்க்கும் பழக்கமுள்ளவர்களிடம் போகும். படம் வேறு கூட்டத்திடம் போகும். கடைசியில் வருகிற வித்தியாசத்தில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. 99 சதவீதம் என்று வந்தாலும் அது எதைப் பற்றிய 99 என்று தெரியாது.

தளத்திலேயே இருக்கும் ஏ/பி டெஸ்ட் வசதியைப் பயன்படுத்தினால் ஆட்கள் முன்கூட்டியே இரண்டு குழுவாகப் பிரிக்கப்படுவார்கள், ஒருவர் இரண்டையும் பார்க்க மாட்டார். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்தந்தக் குழுவுக்குள் யாரைத் தேடிப்பிடித்துக் காட்டுவது என்ற முடிவு இன்னும் தளத்தின் கையில்தான். அதனால் "இந்த வீடியோ மக்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதாமல் "இந்தத் தளம், இந்த அமைப்பில், வீடியோவை வைத்து அதிகம் விற்றது" என்று எழுதுவது நேர்மை. வயது, ஊர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கலவை மிகவும் வேறாக இருந்தால் தளம் வேறு வேறு கூட்டத்தைத் தேடிப் போயிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

க்ளிக் செய்து மூன்று நாள் கழித்து வாங்குகிறார்கள். அதை எப்படிச் சேர்ப்பது?

டெஸ்ட்டை நிறுத்திய அன்றே கணக்குப் போடாமல், வழக்கமாக உங்கள் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளும் நாள் வரை காத்திருங்கள். ஒரு வாரம் பெரும்பாலான கடைகளுக்குப் போதும். நேற்று க்ளிக் செய்தவர் இன்னும் வாங்காததை "வாங்கவில்லை" என்று எண்ணுவது தவறு. ஒரு விளம்பரம் அவசரமாக வாங்குபவர்களையும் இன்னொன்று யோசித்து வாங்குபவர்களையும் இழுத்தால், அவசரக்காரர் பக்கம் பொய்யாக முன்னால் தெரியும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் திரும்பி வரும் பார்சலையும் கழித்துவிட்டே எண்ணுங்கள்.

இதை நானே எப்படிப் போட்டுப் பார்ப்பது?

பைத்தான் தெரிந்தால் ஏழு வரி:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
a = rng.beta(30 + 30, 970 + 1170, 200_000)
b = rng.beta(30 + 42, 970 + 1158, 200_000)
print((b > a).mean())
print(np.maximum(a - b, 0).mean())
print((b > 1.1 * a).mean())
```

`a` படம், `b` வீடியோ. ஒவ்வொரு வரியிலும் முதல் எண் ஜோடி வாங்கியவர்கள், அடுத்தது வாங்காதவர்கள். அதில் 30-உம் 970-உம் ப்ரையர், மற்றவை டெஸ்ட்டில் வந்தவை. ப்ரையர் வேண்டாம் என்றால் இரண்டு வரியிலும் அந்த 30-க்கும் 970-க்கும் பதிலாக 1 போடுங்கள். அச்சாகும் மூன்று எண்கள் வரிசையாக, வீடியோ மேல் என்பதற்கான வாய்ப்பு, ஒரு க்ளிக்குக்கு எதிர்பார்க்கும் இழப்பு, 10 சதவீதமாவது மேல் என்பதற்கான வாய்ப்பு.

கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் என்றால் ஒரு நெடுவரிசையில் `=BETA.INV(RAND(),60,2140)`, பக்கத்தில் `=BETA.INV(RAND(),72,2128)`. ஐயாயிரம் வரிசைக்கு இழுத்து, இரண்டாவது பெரிதாக இருக்கும் வரிசைகளை எண்ணி வகுத்தால் சரி. ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும், பயப்பட வேண்டாம்.

முன்பு கூகுள் ஆப்டிமைஸ் இந்த எண்ணை `Probability to be best` என்ற பெயரில் காட்டியது. 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். வேறு கருவிகளில் இதே எண் வந்தால், உள்ளே என்ன ப்ரையர் வைத்திருக்கிறார்கள், எதால் வகுக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளிக்குப் புள்ளியியல் தெரியாது. எப்படி எழுதிக் கொடுப்பது?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சார், வீடியோ வழியாகக் கடைக்கு வருபவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். அதற்கு நூற்றுக்கு 86 வாய்ப்பு, கூடுதல் 20 சதவீதம் அளவில் இருக்கலாம். ஆனால் வீடியோவைப் பார்ப்பவர்கள் குறைவாகத்தான் க்ளிக் செய்கிறார்கள். செலவழித்த பணத்துக்கு எது அதிக ஆர்டர் தருகிறது என்று பார்த்தால் வீடியோவுக்கு நூற்றுக்கு 57 தான், ஏறக்குறைய சமம். இப்போதைக்கு இரண்டையும் பாதிப் பாதியாக இன்னும் இரண்டு வாரம் ஓட்டலாம். வீடியோவின் முதல் மூன்று நொடியை மாற்றி க்ளிக் கூடுகிறதா என்றும் பார்க்கலாம்."

"டெஸ்ட் வெற்றி" என்ற வார்த்தை இதில் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? "நூற்றுக்கு 57" என்று சொன்னால் எந்த முதலாளிக்கும் புரியும். "அப்ப மீதி 43?" என்று அவரே கேட்பார். பேச வேண்டிய பேச்சு அங்கேதான் தொடங்கும்.

மூன்று விளம்பரம் இருந்தால் என்ன செய்வது?

அதே வேலைதான். மூன்று மேட்டிலிருந்தும் ஒவ்வொரு எண் எடுத்து, எது மிகப் பெரிது என்று எண்ணுங்கள். மூன்று வாய்ப்பும் சேர்ந்தால் 100 வரும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே தரத்தில் நன்றாக இருந்தால், 48, 47, 5 என்பது போல வாய்ப்பு பிரிந்துபோய், எத்தனை வாரம் ஓட்டினாலும் 95-ஐ எட்டாது. அது டெஸ்ட் தோற்றதாக அர்த்தமில்லை. மூன்றாவதை நிறுத்திவிட்டு, மீதி இரண்டில் எது எடுக்கச் சுலபமோ அதை வைத்துக்கொண்டு போகலாம்.